ஒரே வத்தல், நாலு கோடு: சின்னப் பார்சல் வெளிநாடு போகும் முன்

எங்கள் ஊர் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில், கடலை ஒட்டி இருக்கிறது. ஆர்.எஸ். மங்கலம் பக்கம் களத்தில் காயும் குண்டு மிளகாயை வாங்கி வந்து, வத்தலாகவும் தூளாகவும் மசாலாவாகவும் கட்டி விற்கிறோம். நானும் மதினியும், கூட இரண்டு பெண்களும். மலேசியாவில் கிள்ளான் பக்கம் மளிகைக்கடை வைத்திருக்கும் ஒருவர் முதல் ஆர்டர் கொடுத்தபோது ஐந்து சாமான் கேட்டார்: மூன்று கிலோ வத்தல், இரண்டு கிலோ மிளகாய்த்தூள், இரண்டு கிலோ குழம்பு மசாலா, ஒரு கிலோ சாம்பார் பொடி, ஆறு பாட்டில் நெத்திலித் தொக்கு.

கூரியர்க் கடைத் தம்பி, பொருள் இன்னதென்று சுங்கத்துக்குச் சொல்லும் எச்.எஸ். கோடு என்ன என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "பரவாயில்லக்கா, எல்லாம் மசாலாதானே, மிளகாய்த்தூள் நம்பரையே போட்டுடுறேன்" என்றார். மொத்தப் பார்சலும் ஒரே வரியில் மிளகாய்த்தூளாகப் போனது. அங்கே சுங்கத்தில் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பாக்கெட்டின் லேபிளில் துவரம்பருப்பு, இன்னொன்றில் மீன். காகிதத்தில் மிளகாய்த்தூள் மட்டும். பதினொரு நாள் நிறுத்திவைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். போன செலவும் வந்த செலவும் எங்கள் தலையில்.

அந்த ஐந்து சாமானுக்கும் பிறகு உட்கார்ந்து சரியான கோடு தேடிய கதைதான் இது. புதிதாக அனுப்பத் தொடங்குகிறவர்கள் இதே வரிசையில் போனால் போதும்.

எண்ணுக்குள் என்ன இருக்கிறது

எச்.எஸ். என்பது உலகச் சுங்க அமைப்பு பராமரிக்கும் பொருள் பட்டியல். 1988 முதல் நடப்பில் இருக்கிறது. மிளகாய்த்தூளின் கோடு இந்தியாவில் 0904 22 11. இதை இரண்டிரண்டாகப் பிரித்துப் படிக்க வேண்டும். 09 என்பது அத்தியாயம்: காபி, தேயிலை, வாசனைச் சரக்கு. 0904 என்பது தலைப்பு: மிளகும் மிளகாயும். 0904 22 என்பது துணைத் தலைப்பு: இடித்தது அல்லது அரைத்தது. இந்த முதல் ஆறு இலக்கம் ஏறக்குறைய எல்லா நாட்டிலும் ஒன்றுதான். கடைசி 11 மட்டும் நம் நாடு சேர்த்தது.

அந்தக் கடைசி இலக்கங்களை அப்படியே அடுத்த நாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. மலேசியாவும் சிங்கப்பூரும் பின்பற்றும் ஆசியான் அட்டவணையில் அதே மிளகாய்த்தூள் 0904 22 10 என்று வரும். நாம் இங்கே சுங்கத்தில் தாக்கல் செய்யும் கப்பல் பில்லில் நம் எட்டு இலக்கம். அங்கே வாங்குகிறவர் தாக்கல் செய்யும் காகிதத்தில் அவர் நாட்டு எண். இரண்டுக்கும் முதல் ஆறு ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான்.

ஜி.எஸ்.டி. பில்லில் போடும் எச்.எஸ்.என். எண்ணும் இதே குடும்பம்தான். உள்ளூர் விற்பனையில் சின்ன வியாபாரிகள் நாலு இலக்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பதால் பலருக்கு அதுவே பழகிவிட்டது. ஏற்றுமதிக்கு எட்டும் வேண்டும். நாலில் நிறுத்தினால் வத்தலும் தூளும் ஒன்றாகிவிடும். சுங்கத்துக்கு அவை வேறு வேறு.

முதலில் பொருளை எழுதுங்கள், எண்ணைத் தேடாதீர்கள்

பெரும்பாலானோர் கூகுளில் பொருளின் பெயரைத் தட்டி, முதலில் வரும் எண்ணை எடுத்துக்கொள்கிறார்கள். நானும் செய்தேன். மூன்று தளத்தில் மூன்று எண் வந்தது. அதில் ஒன்று 0904 20. அந்த எண் 2012-லேயே நீக்கப்பட்டு 21, 22 என்று இரண்டாகப் பிரிந்துவிட்டது. இணையத்தில் செத்த எண்கள் நிறைய உலவுகின்றன. தேடுவதில் தவறில்லை, ஆனால் அது குறிப்பு மட்டுமே.

ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு அட்டை எடுத்து நாலு விஷயம் எழுதுங்கள். எதனால் ஆனது, ஒரு கிலோவில் எது எத்தனை கிராம். என்ன செய்யப்பட்டது: காயவைத்ததா, அரைத்ததா, சமைத்ததா. எதற்குப் பயன்படும். எப்படிக் கட்டியிருக்கிறது. பெயர் தேவையே இல்லை. பெயர்தான் ஆளை ஏமாற்றும். மீன் மசாலா என்று எழுதியதும் மீன் அத்தியாயத்தைப் புரட்டப் போனவர் எங்கள் வீட்டிலேயே ஒருவர் உண்டு. அந்தப் பாக்கெட்டில் மீன் ஒரு செதில்கூடக் கிடையாது. மல்லி, வத்தல், சோம்பு, மிளகு, மஞ்சள், கொஞ்சம் பூண்டுத்தூள், கொஞ்சம் உப்பு, அவ்வளவே.

எடையை உத்தேசமாக எழுதாமல் தராசில் வைத்து எழுதுங்கள். மதினிக்குக் கைக்கணக்குதான். அவர் 'ஒரு படி பருப்பு' என்று சொன்னதை நிறுத்துப் பார்த்த பிறகுதான் சாம்பார் பொடியின் கோடே மாறியது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்து, அத்தியாயக் குறிப்பைப் படியுங்கள்

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மத்திய மறைமுக வரி வாரியத்தின் தளத்தில் சுங்க வரி அட்டவணையைத் திறங்கள். அத்தியாயம் வாரியாக இருக்கும். எல்லோரும் நேராக எண்கள் உள்ள கட்டத்துக்குப் போய்விடுவார்கள். அதற்கு மேலே சின்ன எழுத்தில் உள்ள குறிப்புகளில்தான் விஷயம் இருக்கிறது. வகைப்படுத்துவதற்குப் பொது விதிகள் ஆறு. முதல் விதி சொல்வது இதுதான்: தலைப்பின் வாசகமும் அந்தக் குறிப்புகளும்தான் முடிவு செய்யும். அத்தியாயத்தின் பெயர் அடையாளத்துக்கு மட்டும்.

அத்தியாயம் 9-இன் முதல் குறிப்பு மசாலா செய்கிறவர்களுக்காகவே எழுதியது மாதிரி இருக்கும். மூன்று பகுதியாகப் புரிந்துகொள்ளலாம்.

ஒரே தலைப்புக்குள் வரும் சரக்குகளைக் கலந்தால் கலவையும் அந்தத் தலைப்பிலேயே இருக்கும். மிளகும் மிளகாயும் 0904 என்ற ஒரே தலைப்புதான். ஆகவே மிளகுத்தூளும் மிளகாய்த்தூளும் கலந்த பொடி 0904-ஐ விட்டு வெளியே போகாது. இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கலந்தாலே மசாலாதான் என்று நினைத்திருந்தேன்.

0904 முதல் 0910 வரை உள்ள வெவ்வேறு தலைப்புச் சரக்குகளைக் கலந்தால் அது 0910-க்குப் போகும். அதற்கென்றே 0910 91 என்ற துணைத் தலைப்பு இருக்கிறது. மல்லியும் சீரகமும் சோம்பும் 0909. மஞ்சள், இஞ்சி, வெந்தயம் 0910.

இந்த அத்தியாயத்தில் இல்லாத பொருள் ஏதாவது சேர்ந்திருந்தால்? கலவை இன்னும் வாசனைச் சரக்காகவே இருக்கிறது என்றால் கோடு மாறாது. அந்தத் தன்மை போய்விட்டால் அத்தியாயம் 9-ஐ விட்டு வெளியே போக வேண்டும். கலவைச் சுவையூட்டியாகிவிட்டால் 2103.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நம் அஞ்சறைப் பெட்டியில் இருப்பதெல்லாம் அத்தியாயம் 9 அல்ல. கடுகு எண்ணெய் வித்துகளோடு அத்தியாயம் 12-இல் இருக்கிறது. பெருங்காயம் பிசின் என்பதால் 13. காய்ந்த பூண்டு காய்கறியாக 7. பருப்பும் 7. காய்ந்த புளி பழமாக 8. உப்பு கனிமங்களோடு 25. கலவையில் இவை எத்தனை கிராம் என்று தனியாகக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

எங்கள் ஐந்து சாமான்

வத்தல் எளிது. காய்ந்தது, இடிக்காதது, அரைக்காதது: 0904 21, நம் அட்டவணையில் 0904 21 10. காம்பு கிள்ளி அனுப்பினாலும் அதேதான். பச்சையாக அனுப்பினால் மட்டும் அது காய்கறி, 0709 60. அத்தியாயம் 7-இன் குறிப்பே 'காய்ந்த மிளகாய் இங்கே இல்லை, 0904-க்குப் போ' என்று சொல்கிறது. வினிகரில் ஊறப்போட்டால் 2001. ராமநாதபுரம் முண்டு என்ற இந்தக் குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. லேபிளில் பெருமையாகப் போடலாம், அதனால் கோடு மாறாது. குண்டும் சம்பாவும் சுங்கத்துக்கு ஒன்றே.

மிளகாய்த்தூள் 0904 22 11. ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகாயும் 0904 22-தான், ஏனென்றால் வாசகம் 'இடித்தது அல்லது அரைத்தது'. விதை தெரிகிறதே என்று முழு வத்தல் கோட்டில் போடாதீர்கள்.

குழம்பு மசாலாவின் அட்டை இப்படி இருந்தது: ஒரு கிலோவில் மல்லி 500 கிராம், வத்தல் 300, சீரகம் 60, மிளகு 60, மஞ்சள் 50, வெந்தயம் 30. ஆறும் அத்தியாயம் 9, தலைப்புகள் மூன்று. வேறு எதுவும் இல்லை. 0910 91 00, யோசிக்கவே வேண்டாம். மல்லிதான் பாதி என்பதற்காக மல்லிக் கோட்டில் போடுவதும், சிவப்பாக இருக்கிறது என்று மிளகாய்க் கோட்டில் போடுவதும் தவறு. குறிப்பு அளவைக் கேட்கவில்லை. வேறு தலைப்புகள் கலந்தனவா என்று மட்டும் கேட்கிறது. மீன் மசாலாவும் இதே கோடுதான். அதில் பூண்டுத்தூள் 40 கிராம், உப்பு 60 கிராம். கிலோவில் நூறு கிராம் வெளிச்சரக்கால் அதன் தன்மை மாறிவிடாது.

சாம்பார் பொடியில்தான் ஒரு மாலை முழுக்கப் போனது. நிறுத்துப் பார்த்த கணக்கு: மல்லி 300, வத்தல் 180, துவரம்பருப்பு 200, கடலைப்பருப்பு 200, சீரகம், மிளகு, வெந்தயம் தலா 30, மஞ்சள் 20, பெருங்காயம் 10. வாசனைச் சரக்கு 590 கிராம், வெளிச்சரக்கு 410. இத்தனை சதவீதம் தாண்டினால் 2103 என்று அட்டவணையில் எங்கும் கிடையாது. தன்மையைத்தான் பார்க்கச் சொல்கிறது. 590 கிராம் இருக்கிறதே, 0910 91-தான் என்று வாதாடலாம். ஐந்தில் இரண்டு பங்கு பருப்பு இருக்கும் பொடி வெறும் வாசனைச் சரக்கு அல்ல, குழம்பைக் கெட்டியாக்கவும் செய்கிறது, ஆகவே 2103 என்றும் வாதாடலாம். நான் இரண்டாவது பக்கம். 2103 90 40 என்று அட்டையில் எழுதினேன். ஆனால் அனுப்புவதற்கு முன் கிள்ளான்காரருக்கு அளவுகளை அப்படியே எழுதி அனுப்பி, அவருடைய சுங்க முகவரிடம் கேட்கச் சொன்னேன். வரி கட்டப்போகிறவர் அவர். இரண்டு பக்கமும் பேச இடமுள்ள பொருளுக்கு அவர் நாட்டுச் சுங்கம் எதை ஏற்கிறதோ அதுதான் கடைசி வார்த்தை. முகவரும் 2103 என்றார்.

இட்லிப் பொடியில் இந்தக் குழப்பம் இல்லை. எங்கள் கணக்கில் பருப்பும் எள்ளும் சேர்ந்தே முக்கால் பங்கைத் தாண்டிவிடும். அதை அத்தியாயம் 9-இல் போட முடியாது.

தொக்கில் மீன் எத்தனை கிராம்?

கடல் ஓரத்தில் இருப்பவர்கள் யாரும் கருவாட்டைத் தொடாமல் பார்சல் கட்டுவதில்லை. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் பாட்டில் 200 கிராம். அதில் நெத்திலி 70, எண்ணெய் 60, வெங்காயமும் பூண்டும் 30, மிளகாய் 20, புளியும் உப்பும் 20. மீன் 35 சதவீதம். அத்தியாயம் 16-இன் இரண்டாம் குறிப்பு இங்கே எண்ணையே தருகிறது: மீன், இறைச்சி, இறால் போன்றவை எடையில் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும் உணவுத் தயாரிப்பு இந்த அத்தியாயத்தில் வரும். ஆகவே 1604. முழு மீனாகவோ துண்டாகவோ இல்லாமல் உதிர்ந்து கலந்திருப்பதால் 1604 20. அதே குறிப்பு ஒரு விலக்கும் தருகிறது: 2103-இல் வரும் சாஸ், சுவையூட்டிகளுக்கு இந்த 20 சதவீதக் கணக்கு பொருந்தாது. அதைப் பிடித்துக்கொண்டு 'தொக்கும் ஒரு சுவையூட்டிதானே' என்று 2103-இல் போடுகிறவர்கள் உண்டு. பாட்டிலைத் திறந்தால் மீன் கண்ணுக்குத் தெரிகிறது, சோற்றில் பிசைந்து சாப்பிடுகிறோம். அது சாஸ் அல்ல.

ஏன் அப்படிப் போடப் பார்க்கிறார்கள் என்பது ரகசியம் இல்லை. மீன் கோட்டில் போனால் கடல் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தின் பதிவு வேண்டும். போகும் நாடு சுகாதாரச் சான்றிதழ் கேட்கும். ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆலையில் செய்ததா என்று கேட்கும். வீட்டு அடுப்பில் கிண்டிய தொக்குக்கு அது கிடைக்காது. கோடு வெறும் வரிக்கான எண் அல்ல. எந்தெந்தக் காகிதம் வேண்டும் என்பதையும் அதுவே முடிவு செய்கிறது. நாங்கள் தொக்கை ஆர்டரிலிருந்து எடுத்துவிட்டோம்.

வெறும் நெத்திலிக் கருவாடு என்றால் அத்தியாயம் 3, தலைப்பு 0305. இங்கே ஒரு நுணுக்கம். 0305 54 என்ற துணைத் தலைப்பில் நெத்திலியின் ஆங்கிலப் பெயர் இருக்கும். பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் எங்ராலிஸ் என்ற பேரினப் பெயரும் இருக்கும். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் நம் வலையில் விழும் நெத்திலி பெரும்பாலும் ஸ்டோலிஃபோரஸ் பேரினம். ஆகவே அது அந்த வரியில் சேராது, 'மற்றவை' என்ற 0305 59-க்குப் போகும். மீனின் பெயர் அட்டவணையில் கிடைத்துவிட்டது என்று நிறுத்தாமல் அறிவியல் பெயரையும் ஒப்பிடுங்கள். நெய்மீன், கும்புளா இரண்டும் அதே 0305 54-இல் பேரினப் பெயரோடு இருக்கின்றன, அவற்றில் சிக்கல் இல்லை. கருவாட்டுப் பொடிக்கு 0305 10 என்று யாராவது சொன்னால் அது பழைய எண். 2022 பதிப்பில் மனிதர் உண்ணும் மீன் பொடி 0309 10-க்கு மாறிவிட்டது. காய்ந்த இறால் மீனே அல்ல, 0306 95.

சங்கு, சிப்பி, பவளம் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே பதில்: கோடு தேடுவதற்கு முன் அதை அனுப்பவே அனுமதி உண்டா என்று பாருங்கள். பவளமும் கடல் அட்டையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. சுறாத் துடுப்பு ஏற்றுமதி 2015 முதல் தடை. இவற்றுக்கெல்லாம் அட்டவணையில் எண் இருக்கும். எண் இருப்பது அனுமதி ஆகாது. எந்தப் பொருள் தாராளம், எது தடை என்பதை வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் ஏற்றுமதிக் கொள்கை அட்டவணையில் அதே எட்டு இலக்கத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும்.

அந்தப் பக்கம் என்ன சொல்கிறார்கள்

நம் எட்டு இலக்கம் முடிவானதும் போகும் நாட்டின் அட்டவணையைத் திறந்து, முதல் ஆறு இலக்கத்தைத் தட்டி, கீழே எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். மலேசியாவுக்கு `ezhs.customs.gov.my`, அமெரிக்காவுக்கு `hts.usitc.gov`. அமெரிக்காவுக்கு 800 டாலருக்குள் வரியில்லாமல் போய்க்கொண்டிருந்த சலுகை 2025 ஆகஸ்ட் 29-ஓடு நிறுத்தப்பட்டதால், இப்போது அரைக் கிலோ பாக்கெட்டுக்கும் அங்கே பத்து இலக்கம் வேண்டும்.

சந்தேகமான பொருளுக்கு நான் அதிகம் பார்ப்பது அமெரிக்கச் சுங்கத்தின் `rulings.cbp.gov`. யாரோ ஒரு வியாபாரி 'என் பொருளுக்கு என்ன கோடு' என்று கேட்க, சுங்கம் காரணத்தோடு எழுதிக்கொடுத்த பதில்கள் அங்கே இலவசமாகக் கிடக்கின்றன. சேர்மான அளவுகளும் பெரும்பாலும் இருக்கும். உங்கள் பொடிக்கு நெருக்கமான ஒன்றைப் பிடித்து, எந்தக் காரணத்தால் எங்கே போட்டார்கள் என்று படியுங்கள். மற்ற நாடுகளை அது கட்டுப்படுத்தாது. ஆனால் முதல் ஆறு இலக்கம் வரை யோசிக்கும் முறை ஒன்றே என்பதால் கண் திறக்கும். நம் நாட்டிலும் முன்கூட்டியே தீர்ப்புக் கேட்கும் ஆணையம் டெல்லியிலும் மும்பையிலும் இருக்கிறது. கட்டணம் 10,000 ரூபாய். ஒரே பொருளை மாதாமாதம் அனுப்புகிறவருக்கு அது வீண் செலவல்ல. பத்து கிலோ பார்சலுக்குக் கட்டாது.

பில்லில் எழுதும் வாசகம்

சரியான கோடு போட்டும் பார்சல் நிற்பதுண்டு. வாசகம் கோட்டோடு ஒட்டாததுதான் காரணம். எங்கள் முதல் பில்லில் இருந்ததும், திருத்திய பிறகு இருந்ததும் இதோ:

```
முன்பு:
MASALA POWDER - 1 BOX

பிறகு:
Dried red chilli, whole, Capsicum annuum    0904 21 10   3 kg
Chilli powder, 100% Capsicum annuum         0904 22 11   2 kg
Mixed ground spices (coriander, chilli,
 cumin, pepper, turmeric, fenugreek)        0910 91 00   2 kg
Mixed seasoning: spices 59%, pulses 40%,
 asafoetida 1%                              2103 90 40   1 kg
```

ஒவ்வொரு சாமானுக்கும் தனி வரி, தனி எடை, தனி விலை. எல்லாம் ஒரே பெட்டியில் இருப்பதால் ஒரே கோடு என்று நினைக்காதீர்கள். செட் என்று ஒன்றாக வகைப்படுத்த ஒரு விதி இருக்கிறதுதான். ஆனால் அது ஒரு குறிப்பிட்ட தேவைக்காகச் சேர்த்து, அப்படியே கடையில் விற்கும்படி கட்டிய பொருள்களுக்கு. நாலு பாக்கெட்டை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டால் அது செட் ஆகாது.

மிளகாயை ஆங்கிலத்தில் எழுதும்போது `pepper` என்ற சொல்லைத் தவிருங்கள். படிக்கிறவர் மிளகு என்று எடுத்துக்கொண்டால் 0904 11-க்கும் 12-க்கும் போய்விடுவார். பாக்கெட் லேபிளில் உள்ள சேர்மானமும் பில்லில் உள்ள சேர்மானமும் வார்த்தைக்கு வார்த்தை ஒத்திருக்கட்டும். பிரித்துப் பார்க்கும் அதிகாரி கையில் வைத்து ஒப்பிடுவது அந்த இரண்டைத்தான்.

கூரியரில் வியாபாரச் சரக்குக்கு `CSB-V` என்ற படிவம். அஞ்சலகம் என்றால் அதன் ஏற்றுமதி மையமான டாக் கர் நிர்யாத் கேந்திராவில் இணையவழிப் படிவம். எதுவானாலும் தட்டச்சு செய்வது கடைத் தம்பி, கோட்டுக்குப் பொறுப்பு ஏற்றுமதியாளரான நீங்கள். அனுப்பும் முன் அவர் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி எட்டு இலக்கத்தையும் நீங்களே வாய்விட்டுப் படியுங்கள். பழைய பில்லை நகலெடுத்து எடையை மட்டும் மாற்றுவது அங்கே வழக்கம். பொருளும் கோடும் அப்படியே நின்றுவிடும். 'அன்பளிப்பு' என்று போட்டு அனுப்பச் சொன்னாலும் கேட்காதீர்கள். காசு வாங்கி விற்ற சரக்கு அன்பளிப்பு ஆகாது.

0904, 0910 கோட்டில் வாசனைச் சரக்கு அனுப்ப, ஏற்றுமதி இறக்குமதி செய்கிறவருக்கான ஐ.இ.சி. எண்ணோடு வாசனைப் பொருள் வாரியத்தின் ஏற்றுமதியாளர் பதிவும் வேண்டும். மிளகாய், மிளகாய்த்தூள் என்றால் சூடான் சாயம் கலந்திருக்கிறதா, அஃப்ளாடாக்சின் நச்சு இருக்கிறதா என்ற சோதனைக்கும் தயாராக இருக்க வேண்டும். களத்தில் மண்ணில் காய்ந்து ஈரம் ஏறிய வத்தலில்தான் அந்தப் பூஞ்சை நச்சு வரும். வாங்கும்போதே கையில் நொறுக்கிப் பாருங்கள்.

இரண்டாவது முறை நாலு வரியோடு போன பெட்டி கிள்ளானில் நிற்காமல் போய்ச் சேர்ந்தது. இப்போது ஒவ்வொரு சாமானின் அட்டையிலும் சேர்மானம், கோடு, எந்தக் குறிப்பைப் பார்த்து முடிவு செய்தேன், எந்தத் தேதியில் பார்த்தேன் என்று எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறேன். மதினி சாம்பார் பொடியில் பருப்பைக் கூட்டினாலோ குறைத்தாலோ அந்த அட்டையை வெளியே எடுக்க வேண்டும் என்பது வீட்டு விதி. நம் அட்டவணையில் பட்ஜெட்டை ஒட்டி எண்கள் மாறுவதுண்டு. அடுத்த எச்.எஸ். பதிப்பு 2028 ஜனவரி 1-இல் வருகிறது. அதனால் கோட்டை மட்டும் பென்சிலால் எழுதியிருக்கிறேன்.